எல் வடிவ சோபாவா, தனித்தனி இருக்கைகளா: வேளச்சேரி வாடகை வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

சென்னை வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நான்காவது தளத்தில் வாடகைக்கு இருக்கும் ஐந்து பேர் கொண்ட குடும்பம், பழைய மூங்கில் சோபாவைக் கழித்துவிட்டு ஹாலுக்குப் புதிய இருக்கைகள் வாங்க முடிவு செய்தபோது, இடம் அளந்து தரும்படி என்னிடம் வந்தது. கணவன், மனைவி, பதின்மூன்று வயது மகன், எட்டு வயது மகள், கணவனின் தாயார் என்பது குடும்பம். தாயாருக்கு எழுபத்திரண்டு வயது. இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம் உண்டு. அவரை இனிப் பாட்டி என்றே குறிப்பிடுகிறேன். கணவனும் மகனும் எல் வடிவ சோபா ஒன்றைக் கடையில் பார்த்து ஏறக்குறைய முடிவே செய்திருந்தார்கள். மனைவிக்கு மட்டும் ஒரு த்ரீ சீட்டரும் இரண்டு தனி நாற்காலிகளும் போதும் என்ற எண்ணம் இருந்தது. ஆனால் ஏன் என்று கேட்டால் வீடு பெருக்க எளிது என்பதைத் தவிர அவரால் காரணம் சொல்ல இயலவில்லை.

விலை இங்கே முடிவைத் தீர்மானிக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். உள்ளூரில் சோபா செய்து தரும் பட்டறை ஒன்றில் இரண்டுக்கும் மதிப்பீடு வாங்கினார்கள். எல் வடிவத்துக்கு 58,000 ரூபாய், த்ரீ சீட்டரும் இரண்டு நாற்காலிகளும் சேர்ந்து 57,000 ரூபாய் என்று வந்தது. ஆகவே கேள்வி முழுவதும் இடத்தையும் உட்காருபவர்களையும் பற்றியதாகிவிட்டது.

ஹாலின் அமைப்பு

ஹால் கிழக்கு மேற்காக 19 அடி நீளமும் வடக்கு தெற்காக 11 அடி அகலமும் உடையது. மேற்குப் பாதியில் சாப்பாட்டு மேசையும் சமையலறை வாசலும் இருக்கின்றன. கிழக்கே மீதமுள்ள ஏறக்குறைய 11 அடிச் சதுரம்தான் உட்காரும் இடம். வடக்குச் சுவரில் 16 அங்குல ஆழமுள்ள டிவி யூனிட் இருக்கிறது. தெற்குச் சுவர் வெறுமையாக இருக்கிறது. கிழக்கு மூலையிலிருந்து 10 அடி தள்ளி அதே சுவரில் பாட்டியின் படுக்கையறைக் கதவு வருகிறது. கிழக்குச் சுவரின் நடுவில் பால்கனிக்குச் செல்லும் ஆறு அடி ஸ்லைடிங் கதவு. அதில் வடபுறப் பாதி மட்டுமே திறக்கும், தென்புறப் பாதி நிலையான கண்ணாடி. துணி காயப்போடுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, வாஷிங் மெஷின் ஓட்டுவது எல்லாம் அந்தப் பால்கனியில்தான்.

இந்த விவரங்களை நான் இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சோபா வாங்குபவர்கள் பொதுவாகச் சுவரின் நீளத்தை மட்டும் அளந்துகொண்டு கடைக்குப் போகிறார்கள். ஆனால் ஹால் என்பது பாதியளவுக்கு ஒரு நடைபாதையும்கூட; நம் ஊர் அடுக்குமாடி வீடுகளில் படுக்கையறைக் கதவுகளும் பால்கனிக் கதவும் பெரும்பாலும் ஹாலுக்குள்ளேயே திறக்கின்றன. எந்தக் கதவிலிருந்து எந்தக் கதவுக்கு, நாளுக்கு எத்தனை முறை, யார், கையில் எதை எடுத்துக்கொண்டு நடக்கிறார்கள் என்பதை வரைந்து பார்த்த பிறகு எஞ்சும் தரைதான் இருக்கைக்கான தரை. இந்த வீட்டில் இரண்டு வழிகள் முக்கியமானவை: சமையலறையிலிருந்து பால்கனிக்குத் துணிக்கூடையோடு செல்லும் வழி, பாட்டியின் அறையிலிருந்து அவர் உட்காரும் இடத்துக்கு வரும் வழி.

எல் வடிவத்தை இந்த இடத்தில் வைத்துப் பார்த்தல்

அவர்கள் தேர்ந்தெடுத்திருந்த சோபாவின் நீண்ட பக்கம் 9 அடி, குட்டையான பக்கம் ஆறரை அடி, ஆழம் 36 அங்குலம். நீண்ட பக்கம் தெற்குச் சுவரோடு ஒட்டி நிற்கும் என்பதில் சிக்கல் இல்லை. குட்டைப் பக்கம் எங்கே திரும்புவது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. கிழக்கே திருப்பினால் அது பால்கனிக் கதவின் பெரும்பகுதியை மறைத்துவிடும். அந்தத் தேர்வு உடனே கழிந்துபோயிற்று. மேற்கே திருப்பினால் குட்டைப் பக்கம் சாப்பாட்டு மேசைக்கு முதுகு காட்டிக்கொண்டு ஹாலுக்குக் குறுக்கே ஒரு தடுப்புப்போல நிற்கும். இடத்தை இரண்டாகப் பிரித்துக் காட்டும் என்பதால் சிலர் இதை விரும்பியே செய்வதுண்டு. இங்கே அதன் விளைவை அளவிட்டுப் பார்த்தோம்.

ஹாலின் அகலம் 132 அங்குலம். அதில் சோபாவின் குட்டைப் பக்கம் 78 அங்குலத்தையும் டிவி யூனிட் 16 அங்குலத்தையும் எடுத்துக்கொண்டால் மீதம் 38 அங்குலம். வீட்டுக்குள் பலரும் புழங்கும் வழிக்கு மூன்று அடி, அதாவது 36 அங்குலம் இருந்தால் போதும் என்பது பொதுவான கணக்கு. ஆகவே காகிதத்தில் இது தேறிவிடுகிறது. ஆனால் அந்த 38 அங்குலம்தான் பால்கனிக்கும் சோபாவுக்கும் உள்ள ஒரே நுழைவு. துணிக்கூடையோடு செல்பவர் ஒவ்வொரு முறையும் டிவிக்கு முன்னால் ஓர் அடி தூரத்தில் கடந்துபோக வேண்டும். அந்த நேரத்தில் சோபாவின் முனையில் உட்கார்ந்திருப்பவர் கால்களை மடக்க வேண்டும். பாட்டியின் நிலைமை இன்னும் மோசம். அவர் அறைக்கதவைத் தாண்டியதும் எதிரே சோபாவின் முதுகுதான் இருக்கும். அதன் நெடுக நடந்து, முனையைச் சுற்றி, டிவிக்கு முன்னால் திரும்பி, டீபாயைத் தவிர்த்து வந்துதான் உட்கார முடியும். நேராக ஐந்து அடி வர வேண்டிய இடத்துக்கு ஏறக்குறைய பதின்மூன்று அடி சுற்ற வேண்டும், அதுவும் இரண்டு திருப்பங்களோடு. முழங்கால் தேய்ந்தவர்களுக்கு நேராக நடப்பதைவிடத் திரும்புவதுதான் வலி தரும்.

கணவன் இதை முழுமையாக ஏற்கவில்லை. அளவு சரியாகத்தானே இருக்கிறது என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்ததால், பழைய செய்தித்தாள்களைச் சோபாவின் அளவுக்கே வெட்டி ஒட்டித் தரையில் விரித்து, ஓரங்களில் டேப் போட்டு, ஒரு வார காலம் அப்படியே விடும்படி கேட்டுக்கொண்டேன். இந்தச் சோதனைக்குச் செலவே இல்லை. ஆனால் விதி ஒன்று உண்டு. காகிதத்தை மிதித்தால் யாரும் யாரையும் திட்டக் கூடாது, மிதிபட்ட இடத்தை மட்டும் கவனிக்க வேண்டும். வார முடிவில் நான் பார்த்தபோது நீண்ட பக்கத்துக்கான காகிதம் புதிதுபோல இருந்தது. குட்டைப் பக்கத்துக்கான காகிதம் நடுவில் கிழிந்து கருத்திருந்தது. கிழிசல் பாட்டியின் கதவிலிருந்து டிவியை நோக்கிச் சாய்வாக ஒரு கோடாகவே போயிருந்தது. அந்தக் கோட்டின் மேல் 36 அங்குல ஆழச் சோபா ஒன்றை நிறுத்தப் போகிறோம் என்பதை அதற்குப் பிறகு யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆறு பேர் என்ற கணக்கு

அந்தச் சோபாவைக் கடையில் ஆறு பேர் உட்காரலாம் என்று சொல்லி விற்கிறார்கள். நீண்ட பக்கத்தில் மூன்று, மூலையில் ஒன்று, குட்டைப் பக்கத்தில் இரண்டு என்பது அவர்களின் கணக்கு. டேப்பை வைத்து அளந்தால் வேறு கணக்கு கிடைக்கிறது. நீண்ட பக்கத்தின் 108 அங்குலத்தில் மூலைக்கு 36 அங்குலமும் கைப்பிடிக்கு 8 அங்குலமும் போக 64 அங்குலம் எஞ்சும். வளர்ந்த ஒருவர் இடிபடாமல் உட்கார 22 அங்குலமாவது வேண்டும். ஆகவே மூன்று பேர் நெருக்கிக்கொண்டு உட்காரலாம். குட்டைப் பக்கத்தில் அதேபோல் கழித்தால் 34 அங்குலம்தான் மிஞ்சுகிறது. அது ஒருவருக்குத் தாராளம், இருவருக்குப் போதாது.

மூலை இருக்கை தனிக் கதை. அங்கே உட்காருபவரின் கால் இரு பக்கத்தாரின் முழங்கால்களுக்கு நடுவில்தான் நீள வேண்டும். இரண்டு பக்கமும் ஆட்கள் உட்கார்ந்துவிட்டால் மூலையில் இருப்பவர் சம்மணம் போட்டுக்கொள்வார், இல்லையென்றால் எழுந்து போய்விடுவார். பிள்ளைகளுக்கு அது பிடித்தமான இடம் என்பது உண்மை. விருந்தாளிகளில் பெரியவர்கள் யாரும் அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஆக, ஆறு பேருக்கான சோபா என்பது நான்கு பெரியவர்களுக்கும் மூலையில் ஒரு பிள்ளைக்கும் இடம் தருவது. உண்மையிலேயே ஆறு பெரியவர்கள் உட்கார வேண்டுமானால் இரண்டு பக்கங்களும் இதைவிட நீளமாக இருக்க வேண்டும். அந்த அளவு இந்த ஹாலில் அடங்காது.

இதே தரையில் தனித்தனி இருக்கைகள் என்ன தருகின்றன என்று பார்த்தோம். 80 அங்குல நீளமுள்ள த்ரீ சீட்டரில் இரு கைப்பிடிகளுக்கும் ஆறு ஆறு அங்குலம் போக 68 அங்குலம் எஞ்சும்; மூன்று பேருக்கு அது சரியான அளவு. இரண்டு நாற்காலிகள் சேர்ந்தால் ஐந்து முழு இருக்கைகள். எல் வடிவம் அடைக்கும் தரை 37 சதுர அடிக்குச் சற்று மேல்; த்ரீ சீட்டரும் நாற்காலிகளும் அடைப்பது ஏறக்குறைய 32 சதுர அடி. எல் வடிவம் இடத்தைச் சேமிக்கும் என்று பரவலாகச் சொல்லப்படுவது தவறு என்று இதற்குப் பொருள் அல்ல. தனி இருக்கைகளுக்கு இடையே இடைவெளி விட வேண்டும், அந்த இடைவெளிகளையும் சேர்த்தால் மொத்த இடம் கூடிவிடும். ஆனால் இந்த வீட்டில் அந்த இடைவெளிகள் எப்படியும் நடக்க வேண்டிய வழிகளாக இருந்ததால், அவை வீணான இடம் ஆகவில்லை.

டிவி பார்ப்பதிலும் ஒரு வேறுபாடு உண்டு. நீண்ட பக்கத்தில் இருப்பவர்களுக்கு டிவி நேர் எதிரே எட்டு அடி தூரத்தில் இருக்கிறது. குட்டைப் பக்கத்தில் உட்காருபவரின் முகம் பால்கனியை நோக்கி இருக்கும். டிவி அவருக்கு இடப்பக்கத்தில் வந்துவிடுகிறது. ஒரு முழுப் படத்தையும் கழுத்தைத் திருப்பியே பார்க்க முடியாது என்பதால் அவர் கொஞ்ச நேரத்தில் கால்களைச் சோபாவின் மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு உடலையே திருப்பிக்கொள்வார். அப்போது அந்தப் பக்கம் முழுவதும் ஒரே ஆளின் இடமாகிவிடும். தனி நாற்காலியைச் சாய்கோணத்தில் போட்டுக்கொள்ளலாம். பேசும்போது சோபாவை நோக்கி, படம் பார்க்கும்போது டிவியை நோக்கி.

ஒரே அளவு, ஐந்து உடல்கள்

இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது இருக்கையின் உயரமும் ஆழமும்தான். எல் வடிவ சோபாக்கள் சாய்ந்து படுத்துக்கொள்வதற்கென்றே பெரும்பாலும் வடிவமைக்கப்படுகின்றன. இதன் இருக்கை ஆழம், அதாவது முன்விளிம்பிலிருந்து முதுகு படும் இடம் வரை, 24 அங்குலம். தரையிலிருந்து இருக்கை உயரம் 16 அங்குலம். ஆறடிக்குச் சற்றுக் குறைவான கணவனுக்கு அது மிக வசதி. பாட்டியின் உயரம் ஐந்து அடிக்கும் குறைவு. அவரைச் சாப்பாட்டு நாற்காலியில் உட்காரவைத்து, முதுகு பலகையில் படும்படி இருக்கச் சொல்லி, பின்னாலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்தால் 17 அங்குலம் வந்தது. 24 அங்குல இருக்கையில் அவர் முதுகு சாய வேண்டுமானால் கால் தரையைத் தொடாது; கால் தரையைத் தொட வேண்டுமானால் முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணைகளை அடுக்க வேண்டும்.

உட்காருவதைவிட எழுவதுதான் கடினம். நாம் எழும்போது என்ன செய்கிறோம் என்று கவனித்துப் பார்த்தால், பாதங்களை முதலில் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொண்டு, உடலை முன்னால் சாய்த்து, அதன் பிறகே தொடைக்கு வேலை கொடுக்கிறோம். பாதத்தைப் பின்னால் இழுக்க இருக்கைக்கு அடியில் வெற்றிடம் வேண்டும். இந்தச் சோபாவோ சாமான் வைக்கும் பெட்டியோடு தரை வரை மூடியது. குதிகால் போய்ப் பலகையில் முட்டும். அதோடு 16 அங்குல இருக்கை ஆள் உட்கார்ந்ததும் இரண்டு அங்குலம் அமுங்கும். நடுவில் உட்கார்ந்தால் ஊன்றிக்கொள்ளக் கைப்பிடியும் கிடையாது. முழு எல் வடிவத்துக்கும் சேர்த்துக் கைப்பிடி இரண்டு முனைகளில் மட்டுமே. கடையில் பாட்டியை அந்தச் சோபாவில் உட்காரவைத்தபோது மகன் கைகொடுத்துத்தான் எழுப்பினான். "உக்காரச் சொல்லி உபசாரம் பண்றீங்க, எந்திரிக்கிறப்ப இவன் பள்ளிக்கூடம் போயிருப்பானே" என்றார் அவர்.

தனித்தனி இருக்கைகளின் உண்மையான நன்மை இந்த இடத்தில்தான் இருக்கிறது. எல் வடிவம் ஐந்து பேருக்கும் ஒரே உயரத்தையும் ஒரே ஆழத்தையும் தருகிறது. நாற்காலி என்றால் ஒருவரின் அளவுக்கே செய்துகொள்ளலாம். பாட்டிக்கென்று தேக்குச் சட்டத்தில் 18½ அங்குல உயரமும் 18 அங்குல ஆழமும் கொண்ட கைவைத்த நாற்காலி ஒன்றைச் செய்யச் சொன்னோம். கைப்பிடி இருக்கையிலிருந்து 8 அங்குல உயரத்தில், முன்விளிம்பு வரை நீண்டு, விரல்கள் வளைத்துப் பிடிக்கும்படி உருண்டை முனையோடு இருக்க வேண்டும் என்றும், முன்கால்களுக்கு நடுவில் குறுக்குச் சட்டம் வரக் கூடாது என்றும் எழுதிக் கொடுத்தோம். உயரம் கூடுதலாயிற்றே, கால் தொங்காதா என்று பட்டறைக்காரர் கேட்டது நியாயமான கேள்விதான். குஷன் ஓர் அங்குலம் அமுங்கும் என்பதும், இருக்கை ஆழம் குறைவாக இருப்பதால் அவர் சற்று முன்னால் வந்து காலை ஊன்றிக்கொள்ள முடியும் என்பதும் கணக்கில் இருந்தன. இருந்தாலும் சட்டத்தின் கால்களை முதலில் ஓர் அங்குலம் கூட்டியே வைத்து, பாட்டியை உட்காரவைத்துப் பார்த்தபின் அறுத்துக் குறைப்பது என்று பேசிக்கொண்டோம். குறைப்பது எளிது, கூட்டுவது அசிங்கமாக இருக்கும்.

குஷனைப் பற்றி ஒரு சிறு விலகல். பட்டறைகளிலும் கடைகளிலும் "40 டென்சிட்டி, கல்லு மாதிரி இருக்கும்" என்று சொல்வது வழக்கம். டென்சிட்டி 40 என்றால் அந்த ஃபோம் ஒரு கன மீட்டருக்கு 40 கிலோ எடை என்றுதான் பொருள். அது உழைப்பைக் காட்டுமே தவிர உறுதியைக் காட்டாது. ஒரே டென்சிட்டியில் மெத்தென்ற ஃபோமும் உண்டு, கெட்டியான ஃபோமும் உண்டு. ஆகவே எண்ணைக் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளாமல், போடப்போகும் ஃபோமின் துண்டு ஒன்றைத் தரையில் வைத்து அதன் மேல் உட்கார்ந்து பார்ப்பதே சரி. பாட்டியின் நாற்காலிக்குக் கெட்டியானதையும் சோபாவுக்கு அதைவிட மெத்தென்றதையும் தேர்ந்தோம்.

வாடகை வீடு என்ற காரணம்

இந்தக் குடும்பம் இரண்டு ஆண்டுகளில் மேடவாக்கத்தில் கட்டப்பட்டுவரும் தங்கள் சொந்த வீட்டுக்கு மாற இருக்கிறது. அந்த வீட்டின் வரைபடத்தை வாங்கிப் பார்த்தபோது, அங்கே பால்கனி எதிர்ப்பக்கத்தில் வருவதால் எல் வடிவத்தின் குட்டைப் பக்கம் உட்காருபவரின் வலப்புறம் திரும்ப வேண்டியிருந்தது, இங்கே இடப்புறம். மூலையும் கைப்பிடியும் நிலையாகப் பொருத்தப்பட்ட சோபாவில் இதை மாற்ற இயலாது. தனித்தனித் துண்டுகளாக வந்து கொக்கிகளால் மாட்டிக்கொள்ளும் வகை என்றால் மாற்றலாம், ஆனால் அதற்கு விலை கூடுதல். டைல்ஸ் தரையில் அந்தக் கொக்கிகள் தளர்ந்து துண்டுகள் விலகிக்கொண்டே இருப்பதும் உண்டு.

எல் வடிவம் வாங்குபவர்கள் எல்லோருக்கும் சொல்ல வேண்டிய ஒன்று இங்கே வருகிறது. லெஃப்ட், ரைட் என்று கடைக்காரர் எழுதுவது சோபாவில் உட்காருபவரின் இடமா, எதிரே நின்று பார்ப்பவரின் இடமா என்பதில் கடைக்குக் கடை வழக்கம் மாறுகிறது. பில்லில் அந்தச் சொல் இருந்தால் மட்டும் போதாது. மேலிருந்து பார்ப்பதுபோல ஒரு படம் வரைந்து, சுவர் எது, டிவி எது என்று குறித்து, அதில் கடைக்காரரின் கையெழுத்தை வாங்கிக்கொள்வது நல்லது. தவறான பக்கம் வந்திறங்கினால் ஆர்டர் கொடுத்துச் செய்தது என்று சொல்லிப் பெரும்பாலும் திரும்ப எடுக்க மாட்டார்கள்.

மேலே ஏற்றுவதைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். லிஃப்ட் கதவின் உயரம் 79 அங்குலமே இருந்ததால் 80 அங்குல த்ரீ சீட்டரும் நிமிர்த்தி வைத்து உள்ளே போகாது, எல் வடிவத்தின் பெரிய துண்டும் போகாது. இரண்டுக்கும் படிக்கட்டுதான் வழி. இதில் இரண்டுக்கும் ஏற்றத்தாழ்வு இல்லை.

எடுத்த முடிவும் அதில் இழந்ததும்

முடிவில் 80 அங்குல த்ரீ சீட்டர் ஒன்று, பாட்டியின் நாற்காலி, அதே சட்டத்தில் ஒன்றரை அங்குலம் தாழ்வாகவும் ஆழம் கூடுதலாகவும் கணவனுக்கு ஒரு நாற்காலி, இவற்றோடு சோபாவின் உயரத்துக்கே செய்த சதுரமான பஃபி ஒன்று என்று ஆர்டர் கொடுத்தார்கள். பஃபியைச் சோபாவின் ஒரு முனைக்கு முன்னால் இழுத்துப் போட்டால் எல் வடிவத்தில் கிடைக்கும் காலை நீட்டும் சுகம் ஓரளவு கிடைத்துவிடுகிறது. மகனின் பிடிவாதத்துக்கு அதுவே சமாதானம். சோபா தெற்குச் சுவரில் பால்கனி மூலையிலிருந்து இரண்டு அடி தள்ளி நிற்கிறது. கணவனின் நாற்காலி திறக்காத கண்ணாடிக்கு முன்னால், காலை வெளிச்சத்தில் செய்தித்தாள் படிக்கும்படி இருக்கிறது. பாட்டியின் நாற்காலி அவர் அறைக்கதவுக்கு மூன்று அடி எதிரில், சாய்வாக. அவர் கதவைத் தாண்டி இரண்டு மூன்று எட்டு வைத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு திரும்பினால் உட்கார்ந்துவிடலாம். அந்த நாற்காலிக்கும் டிவி யூனிட்டுக்கும் நடுவில் பால்கனிக்குச் செல்லும் வழி நான்கு அடியாகத் திறந்திருக்கிறது.

பொருட்கள் வந்து சில மாதங்கள் கழித்து, நவராத்திரிக்குக் கொலு பார்க்க அழைத்திருந்தபோது பயன்பாட்டைக் கவனிக்க முடிந்தது. கொலுப்படி தெற்குச் சுவரில் நின்றது. சோபாவைச் சாப்பாட்டு மேசைப் பக்கம் நகர்த்தி, கணவனின் நாற்காலியைப் படுக்கையறைக்குள் போட்டிருந்தார்கள். தரையில் பாய் விரித்துப் பெண்கள் உட்கார்ந்திருக்க, தரையில் உட்கார முடியாத வயதானவர்கள் பாட்டியின் நாற்காலிக்கு ஒருவர் பின் ஒருவராக மாறிக்கொண்டார்கள். எல் வடிவத்தோடு இதைச் செய்திருக்க முடியாது என்று நான் சொல்ல மாட்டேன். துண்டுகளைக் கழற்றி நான்கு பேர் தூக்கினால் முடியும். ஆனால் யாரும் கழற்ற மாட்டார்கள், கொலுதான் சிறிதாகிப் படுக்கையறைக்குப் போகும்.

குறைகளும் இருந்தன. பஃபி டைல்ஸில் வழுக்கிக்கொண்டே போனது. அடியில் ரப்பர் ஒட்டியபின் நின்றது. நாற்காலிக் கால்கள் இழுபட்டுத் தரையில் கோடு விழாமலிருக்க ஃபெல்ட் துண்டுகளை ஒட்டியிருந்தார்கள். வீடு துடைக்கும் தண்ணீர் பட்டு அவை உரிந்துவிடுவதால் அவ்வப்போது மாற்ற வேண்டியிருக்கிறது. இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அதற்கு என்னிடம் தீர்வு இல்லை. ஞாயிற்றுக்கிழமை இரவு படம் போட்டுக்கொண்டு ஐந்து பேரும் ஒட்டி உட்காருவது என்பது கணவன் எல் வடிவத்தில் கண்ட கனவு. இப்போது மனைவியும் பிள்ளைகளும் சோபாவில் இருக்கிறார்கள், பாட்டியும் தானும் ஆளுக்கொரு நாற்காலியில் தனித்தனியாக இருப்பதாக அவர் சொன்னது உண்மைதான். கைப்பிடி வைத்த நாற்காலி எழுவதற்கு உதவும், ஆனால் ஒரு குழந்தை வந்து பக்கத்தில் ஒண்டிக்கொள்ள இடம் தராது. முழங்கால் நன்றாக இருக்கும் வீட்டில், குறுக்கே வழி இல்லாத ஹாலில், இந்த ஒரு காரணத்துக்காகவே நான் எல் வடிவத்தைப் பரிந்துரைப்பேன்.

மேடவாக்கம் வீட்டின் ஹால் 14 அடிக்கு 13 அடி. பால்கனிக்குச் செல்லும் வழி ஒரு பக்கச் சுவரை ஒட்டியே போய்விடுவதால் உள்மூலை முழுவதும் தடையில்லாமல் கிடைக்கிறது. அங்கே போனபின் இப்போதைய த்ரீ சீட்டருக்குச் செங்குத்தாக அதே அளவில் ஒரு டூ சீட்டரைச் சேர்த்து, மூலையில் ஒரு சிறு மேசை போட்டுக்கொள்வது என்று பேசி வைத்திருக்கிறார்கள். இரண்டு ஆண்டு கழித்து அதே துணி அதே நிறத்தில் கிடைக்கும் என்று எந்தப் பட்டறையும் உறுதி தராது, சாயம் ஒரு தொகுதிக்கும் அடுத்த தொகுதிக்கும் மாறும். ஆகவே டூ சீட்டருக்குத் தேவையான துணியைப் பட்டறைக்காரரின் கணக்குப்படி 8 மீட்டர் இப்போதே வாங்கி, சுருட்டி, பாட்டியின் அறைப் பரணில் வைத்திருக்கிறார்கள்.